‘பீதி வேண்டாம்’ என்று எழுதாத அறிவிப்பு

மழைக்காலத்தில் ஊராட்சி அலுவலகச் சுவரில் இப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “மர்மக் காய்ச்சல் வேகமாகப் பரவி வருகிறது. சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ளவும். காய்ச்சல் கண்டவர்கள் உடனே மருத்துவமனையை அணுகவும். பொதுமக்கள் பீதி அடைய வேண்டாம்.” முதல் வரியில் பயத்தைக் கிளப்பிவிட்டுக் கடைசி வரியில் அதை அடக்கப் பார்க்கிறது.

‘மர்மம்’ முதலில் போக வேண்டும். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை என்றால் அதைத்தான் எழுத வேண்டும். ‘வேகமாக’ என்ற இடத்தில் எண் வேண்டும், அதோடு ஒப்பிட இன்னோர் எண்ணும் வேண்டும். இடையில் காய்ச்சல் முகாம் நடந்திருந்தால் அதையும் சொல்லிவிடுவது நல்லது. வீடு வீடாகத் தேடிப் போனால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

‘தூய்மை’ என்றதும் எல்லோரும் சாக்கடையைப் பார்ப்பார்கள். காய்ச்சல் டெங்குவாக இருந்தால், அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்ததோ வீட்டு டிரம்மில் பிடித்துவைத்த நல்ல தண்ணீர். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். டிரம் காய்ந்து கிடந்தாலும் அவை மாதக்கணக்கில் தாங்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆவதால்தான் வாரம் ஒருமுறை என்ற கணக்கு.

முக்கியமான ஒன்றைத் தாள் சொல்லவே இல்லை. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும்போதுதான் தொடங்குகிறது, 3 முதல் 7ஆம் நாளுக்குள். சிலருக்கு அப்போது ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும். வீட்டிலோ, ஜுரம் விட்டுவிட்டது என்று ரசம் சாதம் கொடுத்து நிம்மதியாக இருப்பார்கள்.

திருத்திய தாள் இப்படி இருக்கலாம் (எண்கள் மாதிரிக்கு):

“நம் சுகாதார நிலையத்துக்குப் போன வாரம் காய்ச்சலோடு 40 பேர் வந்தார்கள், இந்த வாரம் 65 பேர். இவர்களில் 6 பேருக்கு டெங்கு உறுதியாகியிருக்கிறது. 10 பேரின் முடிவு வர வேண்டும்.

காய்ச்சல் 2 நாள் நீடித்தால் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் முதல் நாளே வரவும். கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் நிறையக் குடிக்கவும். மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். ரத்தக் கசிவு கூடக்கூடும்.

காய்ச்சல் விட்ட பிறகும் 2 நாள் கவனியுங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104.

ஞாயிறுதோறும் டிரம், தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடிவையுங்கள்.”

அடியில் தேதி போட வேண்டும். அடுத்த வாரத் தாளை ஒட்டும்போது பழையதைக் கிழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய 65ஐயே ஊர் இரண்டு மாதம் பேசிக்கொண்டிருக்கும்.