எட்டு ராணிகளும் தப்பிக்க முடியாத எட்டாம் பத்தியும்

சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாமல் நிறுத்த வேண்டும். ராணி கிடையாகவும் செங்குத்தாகவும் மூலைவாட்டிலும் எவ்வளவு தூரமும் பாயும் என்பதால் இது சுலபமில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் பெசல் 1848-இல் இந்தப் புதிரைப் போட்டார். கணித மேதை காவுஸ் 1850-இல் முயன்று 76 விடைகள் இருப்பதாக நினைத்தார். பிறகு அவற்றில் நான்கு தவறு என்று தானே கண்டுபிடித்தார். மொத்தம் 92 விடைகள் என்பதை அதே ஆண்டில் வெளியிட்டவர் பிரான்ஸ் நாவுக்.

64 கட்டங்களில் எட்டைத் தேர்ந்தெடுக்க 442 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உள்ளன. வரிசைக்கு ஒரு ராணிதான் என்று முடிவு செய்தால் அது 1,67,77,216 ஆகக் குறையும். இவை எல்லாவற்றையும் முழுதாக அடுக்கிவிட்டுச் சரிபார்க்கத் தேவையில்லை என்பதுதான் பேக்டிராக்கிங் முறையின் ஆதாரம். ஒவ்வொரு வரிசையாக இறங்கி, முன்பு வைத்த ராணிகளுக்கு எட்டாத முதல் கட்டத்தில் ராணியை வைக்க வேண்டும். ஒரு வரிசையில் இடமே இல்லையென்றால் முந்தைய வரிசைக்குத் திரும்பி, அங்குள்ள ராணியை அடுத்த கட்டத்துக்கு நகர்த்த வேண்டும். அங்கும் வழியில்லையென்றால் இன்னொரு வரிசை மேலே போக வேண்டும். இப்படி 92 விடைகளையும் கண்டு முடிக்கும்போது கடந்து வரும் நிலைகள், வெறும் பலகையையும் சேர்த்து, 2,057 மட்டுமே!

இறங்கிப் பார்ப்போம். முதல் ராணி 1-ஆம் கட்டத்தில், இரண்டாவது 3-இல், மூன்றாவது 5-இல். நான்காம் வரிசையில் பாதுகாப்பான முதல் கட்டம் 2. ஐந்தாம் வரிசையில் 4. ஆறாம் வரிசைக்கு வந்தால் எட்டுக் கட்டமும் தாக்குதலில் இருக்கின்றன. திரும்பி, ஐந்தாம் ராணியை மிச்சமிருக்கும் ஒரே இடமான 8-க்கு மாற்றினாலும் ஆறாம் வரிசை திறக்கவில்லை.

அதற்குக் காரணம் ஐந்தாம் ராணி இல்லை. ஆறாம் வரிசையில் முதல் ராணி 1, 6 ஆகிய கட்டங்களைத் தாக்குகிறது. இரண்டாவது 3, 7 ஆகியவற்றை. மூன்றாவது 2, 5, 8 ஆகியவற்றை. நான்காவது 2, 4 ஆகியவற்றை. ஆக, நான்கு ராணிகள் வைத்த உடனேயே ஆறாம் வரிசை முழுக்க அடைபட்டுவிட்டது. ஐந்தாம் வரிசையில் செய்த இரண்டு முயற்சிகளும் வீண். ஒவ்வொரு ராணியை வைத்ததும் கீழே உள்ள காலி வரிசைகளையும் ஒரு பார்வை பார்த்திருந்தால் அந்தக் கிளையை அங்கேயே வெட்டியிருக்கலாம். தேறாத கிளையை முளையிலேயே கழிக்கும் இந்த வேலைக்குத்தான் புரூனிங் என்று பெயர்.

வரிசைகளை மட்டும் பார்த்தால் போதுமா? நான்காம் ராணியை 2-இலிருந்து 7-க்கு நகர்த்துவோம். இப்போது காலி வரிசை ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு கட்டமாவது திறந்திருக்கிறது. நம்பிக்கையோடு இறங்கலாம் போலத் தோன்றும். ஐந்தாவதை 2-இலும் ஆறாவதை 4-இலும் ஏழாவதை 6-இலும் வைத்த பிறகே எட்டாம் வரிசை கைவிரிக்கும்.

ஆனால் பலகையைச் செங்குத்தாகப் பார்த்தால் கதை வேறு. எட்டாம் பத்தியில் இதுவரை ராணி இல்லை, எனவே மீதி நான்கு வரிசைகளில் ஏதோ ஒன்று அங்கே ராணியை வைத்தாக வேண்டும். அந்தப் பத்தியின் ஐந்தாம் வரிசைக் கட்டத்தை நான்காம் ராணி மூலைவாட்டில் தாக்குகிறது. ஆறாம் வரிசையை மூன்றாம் ராணியும், ஏழாம் வரிசையை இரண்டாம் ராணியும், எட்டாம் வரிசையை முதல் ராணியும் அதேபோல் தாக்குகின்றன. எட்டு ராணிகளுக்கு எட்டுப் பத்தியும் தேவை. ஒன்று அடைபட்டால் எல்லாம் முடிந்தது. இந்தக் கிளையும் நான்காம் ராணியோடேயே செத்துவிட்டது. வரிசைக் கணக்கு மட்டும் போட்டவருக்கு அது தெரியாது.

உண்மையில் 1, 3 என்று தொடங்கும் விடையே கிடையாது. 1-இல் தொடங்கி முதலில் கிடைக்கும் விடை 1, 5, 8, 6, 3, 7, 2, 4.

முன்கூட்டிப் பார்க்காத எளிய முறை எவ்வளவு தாமதமாக ஏமாறுகிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஏழு ராணிகள் மோதாமல் நிற்கும் நிலைகள் 312; அவற்றில் 220, எட்டாவதற்கு இடமில்லாமல் கடைசிப் படியில் சிக்குகின்றன. இதைத் தவிர்க்க முன்பார்வை உதவும், ஆனால் அதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு ராணி வைக்கும்போதும் மீதிப் பலகையைச் சோதிப்பது கூடுதல் வேலை. மொத்தமே 2,057 நிலைகள் உள்ள எட்டு ராணிப் புதிரில், மிச்சமாகும் நேரத்தைவிடச் சோதனைக்கு ஆகும் நேரம் கூடிவிடலாம்.

பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும் கழிப்பு ஒன்றும் இருக்கிறது. பலகையைக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு விடையும் இன்னொரு விடையாகும். அதனால் முதல் ராணியை 1 முதல் 4 வரை மட்டும் வைத்துத் தேடினால் 46 விடைகள் கிடைக்கும். மீதி 46-ஐ இடம் வலம் மாற்றி எழுதிக்கொள்ளலாம். ஒரே வரி விதியில் பாதி மரம் மறைந்துவிடுகிறது.