ஊஞ்சல் அட்டை

மழலையர்க்கான எழுத்தட்டையில் ஓவியம் தீட்டப்படுவதற்கு முன், ஓவியருக்கான குறிப்பு எழுதப்படுகிறது. 'ஊ' என்னும் எழுத்துக்கு 'ஊஞ்சலில் ஆடும் சிறுமி' என்று எழுதினால், ஓவியர் சிறுமியையே பெரிதாக வரைவார். இரண்டு வயதுக் குழந்தை அதனைக் கண்டு 'பாப்பா' என்னும். 'ஊ' என்னும் ஒலி அங்கு எழாது. ஆகவே குறிப்பு இவ்வாறு அமைதல் வேண்டும்:

'வெள்ளைப் பின்புலம். நடுவில் ஒரே ஊஞ்சல். மரப்பலகையும் இரு கயிறுகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். கயிறுகள் அட்டையின் மேல்விளிம்பு வரை செல்ல வேண்டும். ஆள், மரம், புல்தரை வேண்டா.'

கயிறு பாதியில் நின்றுவிட்டால் குழந்தையின் கண்ணுக்கு அது வெறும் பலகையே. படம் வந்தபின் எழுத்தை மறைத்துவிட்டு, ஊஞ்சலை அறிந்த குழந்தையிடம் 'இது என்ன?' என்று கேட்க வேண்டும். விடை வேறாயின் திருத்த வேண்டியது குறிப்பையே, குழந்தையை அன்று.

எல்லா எழுத்துகளுக்கும் இம்முறை கைகொடுப்பதில்லை. 'ஔ'வுக்கு ஔவையாரை எத்துணைத் தெளிவாக வரைந்தாலும் குழந்தை 'பாட்டி' என்றே சொல்லும். 'ஔடதம்' என மாற்றினாலோ 'மருந்து' என்னும். அந்த அட்டையில் மட்டும் படத்தை நம்பாமல், சொல்லைப் பெரியவரே ஒலித்துக் காட்ட வேண்டியுள்ளது.