ஜூனில் எவ்வளவு கட்ட வேண்டும்?

பொங்கல் விடுமுறை முடிந்ததும் தனியார் பள்ளிகளின் அட்மிஷன் விளம்பரங்கள் தொடங்கிவிடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், முகநூல், நாளிதழுக்குள் செருகி வரும் நோட்டீஸ், பேருந்து நிலையத்து ஃப்ளெக்ஸ் என எங்கு பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே வாசகங்கள்தான். காற்றோட்டமான வகுப்பறை, ஸ்மார்ட் கிளாஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ், அபாகஸ், சிசிடிவி, வேன் வசதி. கட்டணம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு செல்போன் எண் இருக்கும்.

பெயர் பெற்ற பெரிய பள்ளிகளுக்கு இது போதும். கட்டணத்தைச் சொல்லாவிட்டாலும் பெற்றோர் தேடி வருவார்கள். ஊர் ஓரத்தில் நூற்றைம்பது பிள்ளைகளுடன் நடக்கும் ஒரு நர்சரி பிரைமரி பள்ளியின் நிலை வேறு. அதன் வாசலுக்கு வருவதற்கு முன்பே பெற்றோர் மனதில் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். போன் செய்து ஃபீஸ் கேட்கவே கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர். தொகையைக் கேட்டுவிட்டு, கட்ட முடியாது என்று சொல்ல வேண்டி வருமோ என்ற தயக்கம் அது. அந்தப் பெற்றோருக்காகத்தான் கட்டணத்தைப் போஸ்டிலேயே எழுத வேண்டும் என்கிறேன்.

எப்படி எழுதுவது? ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். எல்.கே.ஜி.க்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் ரூ.14,400. பன்னிரண்டால் வகுத்து ‘மாதம் ரூ.1,200 மட்டுமே’ என்று போட்டால் போஸ்ட் பளிச்சென்று இருக்கும். அதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பள்ளி கட்டணத்தை மாதாமாதம் வாங்குவதில்லை. ஜூனில் 6,000, அக்டோபரில் 4,200, ஜனவரியில் 4,200 என்று மூன்று தவணை. பாடப்புத்தகமும் நோட்டும் 2,600. இரண்டு செட் சீருடை தையல் கூலியுடன் 1,800. ஐந்து கிலோமீட்டருக்குள் வேன் என்றால் மாதம் 800, அதுவும் பத்து மாதத்துக்கு.

இப்போது ஜூன் மாதத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். முதல் தவணை, புத்தகம், சீருடை, ஒரு மாத வேன் எல்லாம் சேர்ந்து ரூ.11,200 ஆகிறது. ‘1,200’ என்பதை நம்பி வந்த அப்பா, பள்ளி அலுவலகத்தில் அதைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். பள்ளி மீது அவருக்கு வரும் முதல் கசப்பு அங்கேதான் உருவாகிறது. அந்த ஆண்டு முழுவதும் ஒவ்வொரு ஐம்பது ரூபாய்க்கும் அவர் சந்தேகப்படுவார்.

ஆகவே போஸ்டில் மூன்று தொகைகள் வேண்டும். ஆண்டு முழுவதற்கும் வேன் இல்லாமல் ரூ.18,800. வேனுடன் ரூ.26,800. ஜூனில் கையில் இருக்க வேண்டியது, வேன் இல்லாமல் ரூ.10,400, வேனுடன் ரூ.11,200. அதன் கீழே, ‘சீருடைத் துணியை வெளிக்கடையிலும் வாங்கலாம்’, ‘இவை தவிர ஆண்டு விழா, சுற்றுலா எதற்கும் கட்டாய வசூல் இல்லை’ என்று, உண்மையிலேயே அப்படி நடக்கும் பள்ளி என்றால், எழுதலாம். உடன்பிறந்த பிள்ளைக்குச் சலுகை உண்டென்றால் எவ்வளவு, எந்தத் தொகையில் என்று குறிப்பிட வேண்டும். ‘சலுகை உண்டு’ என்று மட்டும் போட்டால் அலுவலகத்தில் பேரம்தான் நடக்கும்.

கல்விக் கட்டணத்தைப் பள்ளி தன் விருப்பத்துக்கு எழுதிவிடவும் முடியாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு, ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது. போஸ்டில் உள்ள எண்ணும் குழுவின் ஆணையில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஆணையின் நகலைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அதையே படமெடுத்துப் போஸ்டில் சேர்த்தால் அதைவிடப் பெரிய உறுதிமொழி தேவையில்லை. ஆணை கையில் இல்லாமல் எண்ணைப் பரப்பினால், அந்தப் போஸ்ட்டே பிறகு புகாருக்குச் சாட்சியாக நிற்கும். ‘எல்.கே.ஜி. நுழைவுத் தேர்வு’ என்று பெருமையாகப் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, நன்கொடை வசூலையும், குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்க்கும் முறையையும் தடை செய்கிறது.

கட்டணத்தை எழுதிவிடலாம், கற்பிக்கும் முறையை எழுதுவதுதான் கடினம். ‘செயல்வழிக் கற்றல்’, ‘விளையாட்டு முறைக் கல்வி’ என்ற சொற்களை எல்லோரும் போட்டுப் போட்டு, பெற்றோர் கண்ணில் அவை படுவதே இல்லை. அதற்குப் பதில் ஒரே ஒரு வகுப்பைக் காட்டலாம். எல்.கே.ஜி. தமிழ் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகளில் ‘அ’ தொடங்கி வரிசையாக எழுத வைப்பார்கள். ‘அ’வின் சுழி, மூன்றரை வயதுக் கைக்கு எளிதல்ல. பெரும்பாலும் கோடுகளால் ஆன ட, ப, ம ஆகியவற்றிலிருந்து தொடங்கும் ஆசிரியர்கள் உண்டு. இந்த மூன்றும் புள்ளியும் பழகிவிட்டால் குழந்தை ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’ என்று சொற்களைத் தானே கூட்டிப் படிக்கும்.

இதைப் போஸ்டில் இப்படி எழுதலாம்: ‘எங்கள் எல்.கே.ஜி.யில் முதலில் ட, ப, ம. மணலிலும் கரும்பலகையிலும் விரலால் எழுதிப் பழகிய பிறகே பென்சில். ஒரு வகுப்பில் 20 பிள்ளைகள், ஒரு ஆசிரியர், ஒரு ஆயா. எல்.கே.ஜி.க்கு வீட்டுப்பாடம் கிடையாது.’ கூடவே, குழந்தை மணலில் எழுதும் படம் ஒன்று. முகம் தெரிய வேண்டிய அவசியமில்லை, கையும் மணலும் போதும். முகம் தெரிந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கிவிட வேண்டும்.

வீட்டுப்பாடம் கிடையாது என்ற வரியைப் படித்துச் சில பெற்றோர் விலகிப் போவார்கள். போகட்டும். தினமும் இரண்டு பக்கம் எழுத வைக்க வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் ஜூனில் சேர்த்துவிட்டு ஆகஸ்டில் ‘ஒன்றுமே சொல்லித்தருவதில்லை’ என்று டி.சி. கேட்பதைவிட, பிப்ரவரியிலேயே வேறு பள்ளியைத் தேடிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. நடக்காத ஒன்றை எழுதிவிட்டால் விளைவு இதற்கு நேர்மாறாக இருக்கும். 20 பிள்ளைகள் என்று போட்டுவிட்டு 34 பேரைச் சேர்த்தால், வேன் நிறுத்தத்தில் நிற்கும் அம்மாக்கள் முதல் வாரத்திலேயே எண்ணிவிடுவார்கள்.

போஸ்ட் சரியாக அமைந்ததா என்பது லைக் எண்ணிக்கையில் தெரியாது. வரும் போன்களைக் கவனிக்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு நோட்டை வைத்து, அழைப்பவர் கேட்கும் முதல் கேள்வியைக் குறித்துவையுங்கள். ‘ஃபீஸ் எவ்வளவுங்க?’ என்றே பலரும் கேட்டால் தொகை கண்ணில் படும்படி இல்லை என்று பொருள். பெரும்பாலும் எழுத்து சிறியதாக இருக்கும். ஒரே படத்தில் எல்லாவற்றையும் அடைத்தால், சின்னத் திரையில் எதுவும் தெரியாது. கட்டணத்துக்குத் தனிப் படம், வகுப்புக்குத் தனிப் படம் என்று பிரித்துவிடலாம். ‘எங்க தெரு வழியா வேன் வருமா?’, ‘புள்ளைக்கு இன்னும் சரியா பேச்சு வரலையே, மிஸ் பாத்துப்பாங்களா?’ என்று கேள்வி மாறினால், அவர்கள் படித்துவிட்டுத்தான் அழைக்கிறார்கள்.

இன்னொன்றையும் பல பள்ளிகள் மறந்துவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் பலருக்கும் பரவிவிட்ட படத்தைத் திரும்பப் பெற முடியாது. அடுத்த ஆண்டு யாரோ ஒரு குடும்பக் குழுவில் அது மறுபடி சுற்றும், பழைய தொகையைக் காட்டி ஒருவர் வாதாடுவார். ஒவ்வொரு படத்திலும் கல்வியாண்டைத் தொகைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போட வேண்டும். மூலையில் போட்டால் படத்தை வெட்டும்போது போய்விடும். இருபது இடமும் நிரம்பிய அன்றே, ‘எல்.கே.ஜி. இடங்கள் முடிந்தன’ என்று கடைசிப் போஸ்டையும் போட்டுவிட வேண்டும். தொலைவிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி மிச்சமாகும்.