ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து எழுத்தை மீட்பது

ஸ்கிரீன்ஷாட்டில் தெரியும் எழுத்து கணினியைப் பொறுத்தவரை எழுத்தே அல்ல, வண்ணப் புள்ளிகளின் வரிசை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடிவதில்லை. அந்தப் புள்ளிகளின் வடிவத்தைப் பார்த்து "இது க, இது ட்" என்று அடையாளம் கண்டு மறுபடியும் எழுத்தாக்கித் தருவது எழுத்துணரி, அதாவது ஓசிஆர். படத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேலை இதனால் மிச்சமாகிறது.

இப்போது பல கைபேசிகளிலேயே இந்த வசதி உண்டு. கூகுள் லென்ஸும் ஆப்பிளின் லைவ் டெக்ஸ்டும் அப்படிப்பட்டவை. கணினியில் இலவசமாகக் கிடைப்பது டெசராக்ட். ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் 1980களில் உருவான இந்த மென்பொருளின் மூலநிரல் 2005இல் பொதுவில் திறந்துவிடப்பட்டது. தமிழும் படிக்கும். படம் இணையத்துக்குப் போகாமல் சொந்தக் கணினியிலேயே வேலை முடிவதால், வங்கி விவரம் உள்ள படங்களுக்கு இதுவே ஏற்றது.

ஒரு குடியிருப்புச் சங்கத்தின் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்டாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்புக் கட்டணம் பற்றித் தமிழில் நான்கைந்து வரி, கீழே வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு. இதை அப்படியே டெசராக்டிடம் கொடுத்தால் பிழைகள் மலியும். காரணம் எழுத்தின் அளவு. ஸ்கேன் செய்த தாளில் ஓர் எழுத்து ஏறத்தாழ 30 புள்ளி உயரம் இருக்கும். டெசராக்ட் நன்றாகப் படிப்பது அந்த அளவைத்தான். சாதாரணக் கணினித் திரையில் ஆங்கிலப் பெரிய எழுத்தே 11 புள்ளி அளவில்தான் நிற்கிறது. அத்தனை சிறிய இடத்தில் புள்ளிக்கும் சுழிக்கும் வேறுபாடு மங்கிவிடுகிறது. ஆகவே முதலில் படத்தை மூன்று மடங்கு பெரிதாக்க வேண்டும். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும்:

```
magick notice.png -colorspace Gray -resize 300% big.png
tesseract big.png notice -l tam+eng --psm 6
```

முதல் வரி வண்ணத்தை நீக்கிப் படத்தைப் பெரிதாக்குகிறது. இரண்டாவது வரி அதைப் படித்து `notice.txt` என்ற கோப்பில் எழுதுகிறது. `tam+eng` என்பது தமிழும் ஆங்கிலமும் கலந்திருப்பதைச் சொல்கிறது. இதை விட்டுவிட்டால் மென்பொருள் தமிழ் எழுத்தையும் ஆங்கிலமாகவே படித்துப் பொருளற்ற வரிகளைத் தரும். தமிழ்த் தரவுக் கோப்பைத் தனியாக நிறுவியிருக்கவும் வேண்டும். `--psm 6` படம் முழுவதும் ஒரே பத்தித் தொகுதி என்று அறிவிக்கிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து இருந்தால் முதல் கட்டளையில் `-negate` சேர்த்து நிறத்தைத் திருப்பிக்கொள்வது நல்லது.

பெரிதாக்குவதால் இல்லாத விவரம் வந்துவிடாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடுகிறது. அனுப்புபவர் அதே படத்தை ஆவணமாக (டாக்குமென்ட்) அனுப்பினால் இந்தச் சேதம் இல்லை.

வந்த எழுத்தில் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்திருப்பது முக்கியம். தமிழில் துணைக்காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் "மொத்தம்" என்ற சொல் "மெரத்தம்" ஆகலாம்; "கௌரவ" என்பது ளகரம் போட்ட "கெளரவ" ஆகலாம். கண்ணுக்கு இவை சரியாகவே தோன்றும். கோப்பில் "மொத்தம்" என்று தேடிப் பார்த்தால் அகப்படாது. குட்டு அங்கே வெளிப்படும். எகர ஏகாரக் குழப்பமும், காணாமல் போகும் மெய்ப்புள்ளியும் வாசிக்கும்போதே தட்டுப்பட்டுவிடும்.

எண்களின் கதை வேறு. சொல்லில் ஓர் எழுத்து தவறினால் வாக்கியம் காட்டிக்கொடுக்கும். கணக்கு எண்ணில் 8 என்பது 3 ஆனால் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. ஐஎஃப்எஸ்சி குறியீட்டுக்காவது ஒரு கட்டமைப்பு இருக்கிறது: மொத்தம் 11 இடங்கள், முதல் நான்கும் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். மாதிரிக்கு `ABCD0001058` என்பதை மென்பொருள் `ABCDO0O1O58` என்று படித்திருந்தால், ஐந்தாம் இடத்தில் O என்ற எழுத்து நிற்பதே பிழைக்குச் சான்று. அது நிச்சயம் பூஜ்யம்தான். மற்ற O எழுத்துகளை அப்படி ஊகித்து மாற்றக் கூடாது, ஏனென்றால் கடைசி ஆறு இடங்களில் எழுத்தும் வரலாம். அங்கே படமே சாட்சி.

கணக்கு எண்ணை எக்செல்லில் ஒட்டும்போது முன்னால் உள்ள பூஜ்யம் மறைந்துவிடும் என்பதால், அந்தக் கட்டத்தை முன்கூட்டியே டெக்ஸ்ட் வகையாக மாற்றிவைக்க வேண்டும். அறிவிப்பின் வாசகத்தை ஒருமுறை படித்துத் திருத்தினால் போதும். பணம் போகும் எண்ணை மட்டும் படத்தோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.