நிழல் மரத்துக்கும் காப்பிக் காய்க்கும் நடுவே ஒரு தேனீ

காப்பிப் பொடிக் கடையில் ‘பீபெரி’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. மற்றக் கொட்டைகளைவிட உருண்டையாக இருக்கும், விலையும் கொஞ்சம் கூடுதல். காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் தட்டை முகங்களை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். இரண்டு சூல்களில் ஒன்று வளராமல் போனால், மற்றது முழு இடத்தையும் எடுத்துக்கொண்டு உருண்டு திரளும். அதுதான் பீபெரி. இதற்கு மரபும் காரணமாகலாம், வறட்சியும் காரணமாகலாம். பூவுக்குப் போதிய மகரந்தம் வந்து சேராததும் ஒரு காரணம். நாம் ருசிக்காகக் கூடுதல் காசு கொடுக்கும் கொட்டை, தோட்டக்காரருக்கு ஒரு விதை நஷ்டமான கணக்கு.

கோஸ்டாரிகாவின் ஒரு பெரிய தோட்டத்தில் டெய்லர் ரிக்கெட்ஸ் குழுவினர் இதை அளந்து 2004இல் வெளியிட்டார்கள். காட்டிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த செடிகளில் விளைச்சல் 20 சதவீதம் கூடுதல், பீபெரி 27 சதவீதம் குறைவு. காட்டுத் தேனீக்கள் பறந்து வந்து செய்த வேலை அது. இதைப் படிக்கும் எவருக்கும் அடுத்த எண்ணம் தானாகவே வரும்: காடு பக்கத்தில் இல்லாத தோட்டத்தில், நிழல் மரங்களையே ஒரு சிறு காடாக வளர்த்தால் என்ன?

கூடலூர், பந்தலூர் பக்கம் ரொபஸ்டா தோட்டங்களில் இதை ஆராய ஒருவர் நிதி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் ‘ஏன் இந்த ஆய்வு’ என்ற பகுதியை அவர் எப்படி எழுத வேண்டும்? “நிழல் மரம் கூடினால் தேனீ கூடும், தேனீ கூடினால் மகசூல் கூடும், எனவே ஆராய்வோம்” என்று எழுதினால் நான் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவேன். விடை தெரிந்துவிட்டது என்றால் ஆய்வு எதற்கு? உண்மையில் அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆய்வு தேவைப்படுவதே அதனால்தான்.

செடியிலிருந்து தொடங்குவோம். அராபிகா தன் மகரந்தத்தாலேயே காய்த்துக்கொள்ளும். தேனீ வந்தால் இன்னும் நன்றாகக் காய்க்கும். ரொபஸ்டா அப்படியல்ல. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறொரு செடியிலிருந்து, அதுவும் மரபில் வேறான செடியிலிருந்து, மகரந்தம் வந்தாக வேண்டும். காற்று கொஞ்சம் கொண்டுவரும், மீதியைப் பூச்சிகள் கொண்டுவர வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. கோடையின் தொடக்கத்தில் பூ மழை விழும்வரை மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் மலைச்சரிவு முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகும், மல்லிகை போல மணக்கும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் வாடிவிடும். அடுத்த அறுவடையின் அளவில் பெரும்பகுதி அந்த இரண்டு மூன்று நாளில் தீர்மானமாகிறது.

அந்த நாட்களில் வேலைக்கு வருகிறவை முக்கியமாக மூன்று. உயரமான மரக்கிளையிலும் பாறையிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீ, மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ, கொட்டாத கொசுத்தேனீ. மூன்றுக்கும் நிழல் மரம் ஒன்றே அல்ல. மலைத்தேனீ பல கிலோமீட்டர் பறந்து தீனி தேடும், பருவத்துக்குப் பருவம் இடம் பெயரும். அதற்கு உங்கள் ஐந்து ஏக்கரின் நிழல் ஒரு பொருட்டே அல்ல; சுற்று வட்டாரத்தில் கூடு தொங்கவிடப் பெரிய மரம் இருக்கிறதா என்பதே முக்கியம். கொசுத்தேனீயின் உலகம் சில நூறு மீட்டருக்குள் முடிந்துவிடும். அதற்கு அந்த ஐந்து ஏக்கர்தான் நாடு. ஆகவே ‘நிழல் தேனீயைக் கூட்டுமா’ என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்தத் தேனீயை, எத்தனை தூரத்துக்குள் என்று கேட்க வேண்டும்.

இதுவரை வந்த ஆய்வுகளை அடுக்கும் இடத்தில்தான் பல விண்ணப்பங்கள் சறுக்குகின்றன. தமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துப் போடுவார்கள். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் அலெக்ஸாண்ட்ரா கிளைன் குழுவினர் 24 வேளாண்காட்டுத் தோட்டங்களில் நடத்திய ஆய்வு 2003இல் வந்தது. மூன்று வகைத் தேனீக்கள் வந்த தோட்டத்தில் சுமார் 60 சதவீதப் பூக்கள் காயாகின. 20 வகை வந்த இடத்தில் 90 சதவீதம். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அது அராபிகா என்பதை மறந்துவிடுவார்கள்.

எழுதுகிறவர் தவிர்க்கக் கூடாத ஆய்வு பக்கத்துக் குடகிலேயே இருக்கிறது. வர்ஜினி போரே, குஷாலப்பா, ஃபிலிப் வாஸ்ட், ஜபூரி கசூல் நால்வரும் 2013இல் வெளியிட்டது. உரம், பாசனம், சுண்ணாம்பு, மழை, மரப் போர்வை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். தேனீ கூடினால் காய் கூடியது, அதில் ஐயமில்லை. ஆனால் தேனீயைக் கூட்டியதில் நிழல் மரங்களின் அடர்த்தியைவிடத் தெளிப்பு நீருக்கே பெரிய பங்கு. மழைக்குக் காத்திராமல் ஒரு தோட்டக்காரர் தண்ணீர் தெளித்துவிட்டால் அவர் தோட்டம் மட்டும் முன்னதாகப் பூக்கும். அக்கம்பக்கத்தில் வேறு பூ இல்லை, எனவே சுற்றியுள்ள தேனீக்கள் அங்கேயே குவியும். மழைக்குப் பிறகு ஊர் முழுக்கப் பூக்கும்போது அதே தேனீக்கள் கோடிக்கணக்கான பூக்களுக்குப் பங்கு போடப்படும். ஒரே முகூர்த்தத்தில் ஊரெல்லாம் கல்யாணம் என்றால் சமையல்காரர் கிடைப்பாரா?

நிழல் மரத்தை நம்பி விண்ணப்பம் எழுதுகிறவருக்கு இது கசப்பான முடிவு. மறைக்க நினைப்பது இயல்பு. ஆனால் ஆய்வின் தேவையே இங்குதான் பிறக்கிறது என்பேன். தண்ணீர் தெளிப்பது இருக்கிற தேனீக்களை ஓரிடத்துக்கு இழுக்கிறது. புதிதாக ஒரு தேனீயையும் வளர்க்கவில்லை. எல்லோரும் ஒரே வாரத்தில் தெளித்தால் அந்த அனுகூலம் என்னவாகும்? இருக்கிற தேனீக்கள் காப்பி பூக்காத பதினொரு மாதமும் எதைத் தின்று வாழ்கின்றன? அந்தப் பதினொரு மாதக் கணக்கில்தான் நிழல் மரங்கள் வருகின்றன. நாவல் ஒரு பருவத்தில் பூக்கும், வாகை ஒரு பருவத்தில், கல்யாண முருங்கை இன்னொரு பருவத்தில். தலைக்கு மேல் எத்தனை சதவீதம் மறைந்திருக்கிறது என்று அளப்பதைவிட, எந்தெந்த மாதத்தில் தோட்டத்தில் பூவே இல்லை என்று அளப்பது பயனுள்ளது. நிழலின் அடர்த்தி ஒன்றாகவும் பூக்காலப் பட்டியல் வேறாகவும் உள்ள தோட்டங்களை ஒப்பிட்டால், நிழலின் விளைவையும் தீனியின் விளைவையும் பிரித்தறியலாம். என் பார்வையில் விண்ணப்பத்தின் மையக் கேள்வி இதுதான்.

சில்வர் ஓக்கைப் பற்றிய பத்தியையும் இங்கேயே எழுதிவிட வேண்டும். நாட்டு மரங்களை வெட்ட அனுமதிக்கு அலைய வேண்டும், குடகில் உரிமைச் சிக்கலும் உண்டு. சில்வர் ஓக்கோ நேராக விரைந்து வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், வெட்டி விற்பது எளிது. அதனால் நாட்டு மரங்களின் இடத்தை அது பிடித்துக்கொண்டே வருகிறது. அதன் பூவிலும் தேன் உண்டு என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வில்லனாக்கவும் முடியாது. ஆனால் ஒரே மரம் ஒரே பருவத்தில்தான் தீனி தரும்.

இனி இரண்டாவது கண்ணி: தேனீ கூடினால் மகசூல் கூடுமா? நிழல் அதிகமானால் காப்பிச் செடி பூப்பதே குறையும். விளக்கத்துக்காக நானே எடுத்த எண்களைப் பாருங்கள். வெயிலில் உள்ள செடியில் 8,000 பூ, அதில் 30 சதவீதம் காய் பிடிக்கிறது: 2,400 காய். நிழலில் உள்ள செடியில் 5,000 பூ, 42 சதவீதம் பிடிக்கிறது: 2,100 காய். காய்ப்பிடிப்பை மட்டும் எழுதினால் நிழல் ஜெயித்துவிட்டது. கூடையை எடை போட்டால் தோற்றுவிட்டது. இரண்டையும் எண்ணாத ஆய்வு யாருக்கும் உதவாது.

இதில் தேனீயின் பங்கு எவ்வளவு என்று அறிய ஒரு பழைய வழி இருக்கிறது. சில கிளைகளின் பூக்களுக்கு வேறு செடிகளின் மகரந்தத்தைத் தூரிகையால் தாராளமாகத் தடவுவது. வெயில் செடியில் தடவிய கிளைகள் 42 சதவீதம் காய்த்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். தேனீக்களிடம் விட்டதில் 30. ஆக, காய்த்திருக்கக்கூடியதில் சுமார் 29 சதவீதம் மகரந்தம் இல்லாமல் போனது. நிழல் செடியில் தடவியது 45, விட்டது 42 என்றால் குறை சுமார் 7 சதவீதம்தான். இப்போதுதான் ‘நிழல் தோட்டத்தில் தேனீக்கள் கூடுதலாக உழைக்கின்றன’ என்று சொல்ல நியாயம் இருக்கிறது.

இந்தச் சோதனையும் ஏமாற்றும். ஒரு கிளைக்கு மட்டும் தாராளமாக மகரந்தம் கொடுத்தால் செடி தன் சத்தை அந்தக் கிளைக்குத் திருப்பி, மற்றக் கிளைகளின் பிஞ்சை உதிர்த்துவிடக்கூடும். தடவிய கிளை பிரமாதம், செடி மொத்தத்தில் மாற்றமில்லை. இதைக் கண்டுபிடிக்க அதே செடியின் தொடாத கிளைகளையும், எதுவுமே செய்யாத பக்கத்துச் செடிகளையும் எண்ண வேண்டும். தடவும் மகரந்தத்தைப் பல செடிகளிலிருந்து கலந்து எடுக்க வேண்டும். ஒரே தாய்ச்செடியின் வெட்டுக்கன்றுகளாக வந்த செடிகளுக்குள் மாற்றித் தடவினால் ரொபஸ்டா ஏற்காது, தேனீயைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். மொட்டு விரியும் முன்பே, காற்றில் வரும் மகரந்தம்கூடப் புகாத உறையிட்ட சில கிளைகளும் தேவை. அதில் ஏறக்குறைய ஒன்றுமே காய்க்கக் கூடாது. காய்த்திருந்தால் உறை கிழிந்திருக்கிறது, அல்லது பூ விரிந்த பிறகு கட்டியிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தின் கணக்கை ஒதுக்கிவிட வேண்டும். மெல்லிய வலையிட்ட கிளைகளில் காய்ப்பது காற்றின் பங்கு.

எண்ணும் நாளிலும் தவறு நேரும். பூத்துச் சில வாரங்களில் எண்ணிய பிஞ்செல்லாம் பழமாவதில்லை. தென்மேற்குப் பருவமழையில் நிறைய உதிரும். பீபெரி எத்தனை என்பதோ பழத்தைப் பிளந்த பிறகுதான் தெரியும்.

நிதி கொடுக்கும் குழுவில் இருப்பவர்களுக்கு ஒன்று. ரொபஸ்டா பூவிலிருந்து பழமாகப் பத்து மாதத்துக்கு மேல் ஆகும். ஓராண்டு நிறையக் காய்த்த செடி மறு ஆண்டு குறைவாகக் காய்க்கும். ஓராண்டுக் காலக்கெடுவோடு வரும் விண்ணப்பம் நிழலின் விளைவையும் செடியின் இந்த ஏற்ற இறக்கத்தையும் பிரித்துக் காட்டவே முடியாது. குறைந்தது இரண்டு அறுவடைகளுக்குப் பணம் கொடுங்கள். முடியாதென்றால் ஒன்றுக்கும் கொடுக்க வேண்டாம்.