பட்டு நூல் வளையல் கிட் விற்கிறீங்களா? இல்லாததையும் எழுதுங்க!

ஓசூரில் கிட் தயார், வாங்குபவர் பெங்களூருவில். ஆன்லைன் விவரத்தில் என்ன எழுதணும்?

உள்ளே இருப்பது: 2.6 அளவு பிளாஸ்டிக் வளையல் 4, பட்டு நூல் 3 கண்டு, கல் செயின் 1 மீட்டர், பசை 1. இந்த 2.6 தசமம் அல்ல. 2 அங்குலமும் 6/16 அங்குலமும். 'உள்விட்டம் 60 மி.மீ.' என்றும் சேர்த்தால், கையில் ஏறுமா என்ற குழப்பம் வராது.

திறன்: 'ஈஸி' போதாது. 'நூலை இடைவெளி விடாமல் சுற்றணும். தையல் தெரிய வேண்டாம்' என்று எழுதுங்க.

நேரம்: கைவேலைக்கும் பசை காய்வதற்கும் தனித்தனியாகச் சொல்லுங்க. உங்கள் வேகத்தை வைத்துக் கணக்கிடாதீங்க. புதியவர் ஒருவரைச் செய்யச் சொல்லி நேரம் பாருங்க.

இல்லாதது: 'கத்தரிக்கோல் கிட்டில் இல்லை.' இதைக் கடைசியில் ஒளிக்காமல், முதல் வரியிலேயே போடுங்க. பெட்டியைப் பிரித்த பிறகு தெரிந்தால், வேலை அங்கேயே நின்றுவிடும்.