திரையில் சாம்பல், சுவரில் நீலம்

வரவேற்பறைக்கு நிறம் பார்ப்பது இப்போது பெரும்பாலும் கைப்பேசியில்தான் தொடங்குகிறது. பெயிண்ட் நிறுவனத்தின் செயலியில் வரும் சின்னச் சதுரங்கள், கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஷேட் கார்டு போட்டோ, யாரோ ஒருவர் வீட்டு ஹாலின் படம் என்று மூன்றும் கலந்து வருகின்றன. மூன்றையும் ஒரே தரத்துச் சான்றாக எடுத்துக்கொள்வது வழக்கம். உண்மையில் செயலியின் சதுரம் மூன்று எண்களால் ஆனது, போட்டோவோ கேமராவின் கணிப்பு. இரண்டிலும் பெயிண்டின் நிறம் அப்படியே இருப்பதில்லை.

மயில் நீலம், செங்கல் சிவப்பு போன்ற அடர்ந்த நிறங்களில் இந்த வேறுபாடு அவ்வளவாக உறுத்தாது. திரையில் பார்த்ததைவிடச் சற்று மங்கியோ எடுப்பாகவோ வந்தாலும் நீலம் நீலமாகத்தான் இருக்கும். ஏமாற்றம் வெளிர் நிறங்களில்தான். ஆஃப் வைட், கிரீம், வெளிர் சாம்பல் ஆகியவற்றில் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டுவது மிக மெல்லிய சாயல் ஒன்றே. ஹாலுக்குப் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பதும் இவற்றைத்தான். கேமரா முதலில் அழிப்பதும் அந்தச் சாயலைத்தான்.

கேமராவில் ‘ஆட்டோ வைட் பேலன்ஸ்’ என்றொரு ஏற்பாடு உண்டு. டியூப் லைட் வெளிச்சத்திலும் மாலை வெயிலிலும் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்காகப் படத்தில் ஏதேனும் ஒரு சாயல் பரவலாக இருந்தால், அது விளக்கால் வந்தது என்று கேமரா ஊகித்து, எதிர்ச் சாயலைச் சேர்த்துச் சமன்செய்கிறது. படம் முழுக்க வெளிர் நீலச் சாம்பல் சுவரே நிறைந்திருக்கும்போது இந்த ஊகம் தவறிவிடுகிறது. சுவரின் சொந்த நீலத்தை விளக்கின் குற்றமாகக் கருதிக் கழித்துவிடுவதால், படத்தில் நடுநிலையான சாம்பல் வருகிறது. அந்தச் சாம்பலைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறவர் வீட்டுக்குக் கழிக்கப்பட்ட நீலமும் சேர்ந்தே வருகிறது.

வெளிச்சத்தின் அளவிலும் கேமரா இப்படியே தலையிடுகிறது. எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர முயல்வது அதன் இயல்பு. அதனால் வெளிர் சுவரை மட்டும் எடுத்தால் படம் உள்ளதைவிட அழுக்காகவும், கருஞ்சுவரை மட்டும் எடுத்தால் வெளுத்தும் வரும். போதாததற்கு, விளம்பரத்துக்காக எடுத்த ஹால் படங்கள் பெரும்பாலும் பிறகு கணினியிலும் சரிசெய்யப்படுகின்றன. அவற்றில் சுவர் நிறத்தைத் தேடுவது வீண் வேலை. சோபாவை எங்கே போடலாம் என்று யோசிக்க வேண்டுமானால் அவை உதவும்.

அடுத்த தடை திரை. பெயிண்ட் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரை தானே ஒளிர்கிறது. இரவில் டியூப் லைட் எரியும் ஹாலில் சுவர்மேல் 150 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் விழுவதாகக் கொள்ளலாம். விழுவதில் 65 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் வெளிர் சாம்பல் சுவரின் பிரகாசம் அப்போது 30 நிட் அளவில்தான் இருக்கும். உச்சத்தில் 200 நிட் தரும்படி வைத்த கைப்பேசியில் அதே சாம்பல் 130 நிட் அளவுக்கு ஒளிரும். நான்கு மடங்குக்கும் மேல் பிரகாசமான ஒன்றைப் பார்த்துத்தான் ‘பளிச்சென்று இருக்கிறது’ என்று முடிவு எடுக்கப்படுகிறது.

திரையின் வெள்ளையும் எல்லாக் கைப்பேசியிலும் ஒன்றல்ல. இணையப் படங்கள் பின்பற்றும் sRGB தரத்தில் வெள்ளை என்பது ஏறத்தாழ 6500 கெல்வின் நிற வெப்பநிலை கொண்டது, அதாவது பகல் வெளிச்சத்தை ஒத்தது. ஆனால் பல கைப்பேசிகளில் நிறங்களை எடுப்பாகக் காட்டும் ‘விவிட்’ அமைப்பு இருக்கிறது. கண்ணுக்கு இதமான இரவு அமைப்போ திரை முழுவதையும் மஞ்சளாக்குகிறது. இரவு பத்து மணிக்குக் கணவனும் மனைவியும் தத்தம் கைப்பேசியில் ஒரே சதுரத்தைப் பார்த்து, ஒருவர் கிரீம் என்றும் மற்றவர் வெள்ளை என்றும் சொன்னால் இருவர் கண்ணிலும் கோளாறு இல்லை.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும், படத்தில் இல்லாத ஒன்று மிச்சமிருக்கிறது: அந்த வீட்டு ஹாலின் ஒளி. சென்னை அடுக்கக வீடு ஒன்றில் 12 அடிக்கு 14 அடி ஹால் இருப்பதாகக் கொள்வோம். பெரிய ஜன்னல் வடக்கே பார்த்திருக்கிறது. தரையில் வெள்ளை டைல்ஸ். கூரையோரம் ‘கூல் டேலைட்’ எனப்படும் 6500 கெல்வின் எல்.இ.டி. டியூப். வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்த சாம்பலுக்கு நிறுவனம் தரும் சிவப்பு, பச்சை, நீல எண்கள் 206, 211, 214. திரையில் அது சுத்தமான சாம்பல்.

டிசம்பர், ஜனவரியில் இந்த ஜன்னல் வழியே நேர் வெயில் வராது. வானத்தின் நீல ஒளிதான் வரும். ஏற்கெனவே நீலம் சற்றுத் தூக்கலான பெயிண்டின்மேல் நீலம் தூக்கலான ஒளி விழுகிறது. அதோடு நிற்பதில்லை. அந்த எண்களைக் கணக்கிட்டால், சுவர் சிவப்பொளியில் 62 விழுக்காட்டையும் நீலவொளியில் 67 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகிறது என்று வரும். ஒருமுறை பட்டு வரும் ஒளியில் நீலம் 8 விழுக்காடு மிகும். அதே ஒளி எதிர்ச்சுவரிலும் பட்டுத் திரும்பினால் மிகுதி 17 விழுக்காடாகிவிடும். நான்கு சுவரிலும் ஒரே பெயிண்ட் அடித்த அறையில் ஒளி இப்படிப் பலமுறை பட்டுப் பட்டுத்தான் கண்ணுக்கு வருகிறது. கைப்பேசிச் சதுரத்தில் தூங்கிக்கொண்டிருந்த நீலம் ஹாலில் எழுந்துகொள்வதற்கு இதுவே பெரிய காரணம். இரவில் கூல் டேலைட் டியூப் அந்த நீலத்தைக் குறைக்காது. 3000 கெல்வின் ‘வார்ம் வைட்’ விளக்கைப் போட்டால் அதே சுவர் திடீரென்று வெறும் சாம்பலாக, சில வேளை லேசான சந்தன நிறமாகக்கூடத் தெரியும்.

வடக்கு ஜன்னல் என்றால் ஆண்டு முழுதும் குளிர்ந்த நீல ஒளிதான் என்று அலங்காரப் புத்தகங்கள் எழுதுவதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பொருந்தும் விதி. சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியனே தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலுக்குள் சாய்வெயில் வரும். ஆகவே டிசம்பரில் நீலமாக உறுத்திய சுவர் ஜூன் மாலையில் இதமாகத் தெரியலாம். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மஞ்சள் சுவரோ வேப்பமரமோ நின்றால் அதன் நிறமும் உள்ளே வரும். தரை ரெட் ஆக்சைடு என்றால் சுவரின் கீழ்ப்பாதியில் சிவப்பு ஏறும்.

படங்களையும் எண்களையும் மொத்தமாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தனியாக ஒரு நிறம் எப்படி இருக்கும் என்பதை அவை சொல்லாவிட்டாலும், இரண்டு நிறங்களுக்கு இடையிலான வேறுபாட்டை ஓரளவு நம்பத்தக்கதாகவே சொல்கின்றன. ஷேட் கார்டில் ஐந்து சாம்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்து ஒரே படமாக எடுத்தால், கேமரா செய்யும் திருத்தம் ஐந்துக்கும் ஒரேமாதிரி விழும். எது நீலத்துக்குச் சாய்கிறது, எது பச்சைக்குச் சாய்கிறது என்பது அப்போது தெரியும். எண்களிலும் அப்படியே. மேலே சொன்ன ஹாலுக்கு 206, 211, 214க்குப் பதில் 212, 209, 203 போன்ற ஒன்று பொருந்தக்கூடும். அதில் சிவப்பு கூடுதல், நீலம் குறைவு. வேடிக்கை என்னவென்றால், செயலியின் தூய வெள்ளைப் பின்னணியில் அது லேசாக அழுக்கேறிய கிரீம்போலத் தெரியும். திரையில் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் முதலில் தள்ளிவிடுவது அதைத்தான். அந்த ஹாலின் நீல ஒளியில் சாம்பலாகத் தெரிய வாய்ப்புள்ளதும் அதுதான்.

மூன்று எண்களால் சொல்லவே முடியாத ஒன்றும் உண்டு. வெவ்வேறு நிறமிகளால் செய்த இரண்டு பெயிண்டுகள் பகலில் ஒன்றுபோலத் தெரிந்து, எல்.இ.டி. விளக்கில் பிரிந்து தெரியலாம். ஒளியியலில் இதற்கு ‘மெட்டாமெரிசம்’ என்று பெயர். ஒரு நிறுவனத்தின் நிறத்தைக் காட்டி இன்னொரு நிறுவனத்தின் டின்டிங் மெஷினில் கலக்கச் சொல்லும்போது இது அடிக்கடி தலைகாட்டும். தாளில் மையால் அச்சிட்ட நிறப்பட்டியலுக்கும் பெயிண்டுக்கும் இடையிலும் இது நேரும். அசல் பெயிண்ட் பூசிய அட்டைத் துண்டுகள் கொண்ட ஷேட் கார்டு இதைவிட நம்பகமானது.

அட்டைத் துண்டு சிறியது என்பதால் அதிலும் முழு நிறம் புலப்படாது; நிறம் பெரிய பரப்பில் கூடுதல் எடுப்பாகத் தெரியும். எனவே இறுதித் தேர்வுக்கு வந்த இரண்டு மூன்று நிறங்களை மிகச்சிறிய டப்பாவில் கலந்து வாங்கி, இரண்டடிச் சதுரப் பலகையிலோ கெட்டி அட்டையிலோ பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் பூசிப் பார்ப்பதே சரியான சோதனை. பழைய சுவரிலேயே திட்டுத்திட்டாகப் பூசிப் பார்ப்பது பலரது வழக்கம். பழைய நிறம் சுற்றிலும் நிற்பதால் அது புதிய நிறத்தைத் திரித்துக் காட்டும். இளஞ்சிவப்புச் சுவரின் நடுவே எந்தச் சாம்பலும் பச்சைக்குச் சாயும். பலகை என்றால் இடம் மாற்றி வைக்கலாம். ஜன்னல் ஓரத்தில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், இருண்ட மூலையில், தரையோடு ஒட்டி என்று நிற்கவைத்து, காலை, நடுப்பகல், விளக்கு போட்ட இரவு என மூன்று வேளையும் பார்க்க வேண்டும். சுவரில் பலகையின் பின்னே ஒரு பெரிய வெள்ளைத் தாளை ஒட்டிவைத்தால் பழைய நிறத்தின் தொல்லையும் குறையும்.

பூசிய அன்றே முடிவெடுக்கக் கூடாது. ஈர எமல்ஷன் பால்போல வெளுத்திருக்கும். உலர்ந்த பின் ஒரு படி அடர்ந்துவிடும். மறுநாள் தெரிவதுதான் அதன் நிறம். பளபளப்பும் முன்கூட்டியே தீர்மானமாக வேண்டும். மேட் வகையில் பார்த்த நிறத்தைப் பளபளப்பான வகையில் அடித்தால், ஜன்னலின் பிரதிபலிப்பு விழும் இடம் வெளுத்தும் மற்ற இடம் அடர்ந்தும் தெரியும்.

12க்கு 14 ஹாலில் சுவர் உயரம் பத்தடி என்றால், கதவு ஜன்னல் போக 420 சதுர அடி அளவில் மிஞ்சும். இரண்டு கோட்டுக்கு ஏறத்தாழ ஏழு லிட்டர் பிடிக்கும். நிறம் கலந்த பெயிண்டைக் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை. வாங்கும்போது நிறத்தின் பெயரோடு குறியீட்டையும் எந்த வகை எமல்ஷன் என்பதையும் எழுதிக்கொண்டு, முழு அளவையும் ஒரே நாளில் கலந்து வாங்குவது நல்லது. அப்படி வாங்கினாலும் டப்பாவுக்கு டப்பா சிறு வேறுபாடு இருக்கக்கூடும் என்பதால், அனுபவமுள்ள பெயிண்டர்கள் எல்லா டப்பாவையும் ஒரே பெரிய வாளியில் கொட்டிக் கலக்கிய பிறகே தூரிகையை நனைப்பார்கள்.